கட்டைவிரல் எங்கே வளைகிறது? கைரேகையில் ஒரு விரலை வாசிப்பது

கைரேகை பார்ப்பவர்களில் பலர், கையை வாங்கியதும் ரேகையைப் பார்ப்பதில்லை. முதலில் கட்டைவிரலைத்தான் பார்க்கிறார்கள். அதை மெல்லப் பின்னுக்குத் தள்ளி, வளைகிறதா, முரண்டுபிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, "உங்களுக்குப் பணம் கையில் தங்காது" என்றோ "நீங்க நினைச்சதை முடிக்காம விடமாட்டீங்க" என்றோ தொடங்குவார்கள். நானும் பல வருடங்கள் அப்படித்தான் செய்தேன். அந்த ஒரு தள்ளலில் எத்தனை விஷயங்கள் கலந்து கிடக்கின்றன என்று புரிய எனக்கு ஒரு தவறு தேவைப்பட்டது. அந்தத் தவறைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் விரலைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம்.

கைரேகை நூல்கள் கட்டைவிரலை மூன்று கணுக்களாகப் பிரிக்கின்றன. நகம் இருக்கும் மேல்கணு மனவுறுதி. அதற்குக் கீழே உள்ள இரண்டாம் கணு பகுத்தறிவு, அதாவது யோசித்து முடிவெடுக்கும் பழக்கம். மூன்றாவது, உள்ளங்கையில் சதைப்பற்றாக மேடிட்டிருக்கும் பகுதி. சுக்கிர மேடு என்று சொல்வது இதைத்தான். அன்பு, ஆசை, உயிர்த்துடிப்பு எல்லாம் இதன் கணக்கு. இந்தப் பிரிவினை இன்றைய வடிவத்தில் பரவியதற்கு 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ராணுவ அதிகாரி தார்பென்டின்யியும், அவருக்குப் பின் வந்த அயர்லாந்துக்காரர் கீரோவும் முக்கியக் காரணம். தார்பென்டின்யி ரேகைகளை விட்டுவிட்டு கையின் வடிவத்தை வைத்தே ஆளைப் படிக்க முயன்றவர். கட்டைவிரலுக்கு இவ்வளவு பெரிய இடம் கிடைத்தது அந்த வழியில்தான்.

உடற்கூறு வேறு கணக்கு சொல்கிறது. மற்ற விரல்களில் மூன்று எலும்புகள், கட்டைவிரலில் இரண்டுதான். நூல்கள் மூன்றாம் கணு என்று சொல்வது உண்மையில் உள்ளங்கைக்குள் இருக்கும் ஓர் எலும்பும் அதன்மேல் படர்ந்த தசைகளும். ஆனாலும் கைரேகைக்காரர்கள் அதை விரலோடு சேர்த்தது வெறும் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். மற்ற நான்கு விரல்களின் உள்ளங்கை எலும்புகள் அதிகம் அசைவதில்லை. கட்டைவிரலின் எலும்பு மட்டும் மணிக்கட்டுக்கு மேலே, குதிரைச் சேணம்போல் இரண்டு பக்கமும் வளைந்த ஒரு மூட்டின்மேல் உட்கார்ந்துகொண்டு தாராளமாக ஆடுகிறது. பார்வைக்கு உள்ளங்கைதான், அசைவில் அது விரலேதான்.

ஆக, கட்டைவிரலில் அசையும் இடங்கள் மூன்று. நகத்துக்குக் கீழே மேல்மூட்டு, விரல் உள்ளங்கையைவிட்டு வெளியே வரும் இடத்தில் நடுமூட்டு, மணிக்கட்டு ஓரத்தில் அடிமூட்டு. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலைப் பற்றி நூல்கள் சொல்லும் முக்கால்வாசிப் பலன்கள் இந்த மூன்றில் ஏதோ ஒன்றின் அசைவைப் பற்றியவைதான். எதைப் பற்றியது என்று பார்க்கிறவர் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

முதலில் வளைவு. மேல்கணு வில்போல் பின்னுக்கு வளைந்தால் அதை நெகிழ்ந்த கட்டைவிரல் என்கிறார்கள். இப்படிப்பட்டவர் எந்தக் கூட்டத்திலும் சுலபமாக ஒட்டிக்கொள்வார், தாராளமாகக் கொடுப்பார், செலவழிப்பார், பிடிவாதம் பிடிக்கமாட்டார், ஒரு வேலையைத் தொடங்கிய வேகத்தில் முடிக்கவும் மாட்டார் என்பது பலன். வளையாமல் நேராக நிற்பது விறைத்த கட்டைவிரல். அவர் எண்ணிப் பேசுவார், ரகசியம் காப்பார், மெதுவாகத்தான் நம்புவார், பிடித்த கொள்கையை விடமாட்டார். சில நூல்கள் இதில் இன்னொரு நுணுக்கம் வைக்கின்றன. மேல்மூட்டு வளைந்தால் மனிதர்களோடு அனுசரித்துப் போகிறவர், நடுமூட்டு வளைந்தால் சூழ்நிலைகளோடு அனுசரித்துப் போகிறவர் என்று. இந்த வேறுபாட்டைச் சொல்லும் பலர் அதைச் சோதிப்பதில்லை. எல்லாரும் செய்வது, விரல் நுனியில் கைவைத்து மொத்தமாகப் பின்னுக்குத் தள்ளுவது. அப்படித் தள்ளினால் மூன்று மூட்டும் சேர்ந்து அசையும், எது வளைந்தது என்று தெரியாது.

சரியாகப் பார்க்க வேண்டுமானால் இப்படிச் செய்யலாம். அவருடைய இரண்டாம் கணுவை உங்கள் இரண்டு விரல்களால் பக்கவாட்டில் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். நடுமூட்டு அசையக்கூடாது. அப்புறம், நீங்கள் தள்ளாமல், அவரையே மேல்கணுவைப் பின்னுக்குச் சாய்க்கச் சொல்லுங்கள். விரலை முன்பக்கமாகப் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் பாருங்கள். நகக்கணு நேர்கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம். இருபது டிகிரிக்கும் குறைவாக நின்றால் அதை விறைப்பு என்று சொல்வதில் தவறில்லை. ஐம்பதைத் தாண்டினால் யார் பார்த்தாலும் வளைவு என்பார்கள். சிலருக்குத் தொண்ணூறு வரைகூடப் போகும்.

இடையில் இருப்பவர்கள்தான் அதிகம். இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். ஏனென்றால் 'வளையும் விரல், வளையாத விரல்' என்று மனிதர்கள் இரண்டு வகையாகப் பிரிவதுபோல் கைரேகை நூல்கள் மட்டும் எழுதவில்லை, பள்ளிப் பாடங்களும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தன. 1953இல் வந்த ஓர் ஆய்வு ஐம்பது டிகிரியை எல்லையாக வைத்து, வளையும் கட்டைவிரல் ஒரே ஒரு மரபணுவால் வருவது என்று சொன்னது. மெண்டல் விதிக்கு எளிய உதாரணமாக அது பாடங்களில் ஏறிவிட்டது. ஆனால் விரல்களை வரிசையாக அளந்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இடைவெளியே இல்லாமல் எல்லா அளவும் கிடைக்கின்றன. கோடு கிழிக்க இயற்கையான இடம் ஒன்றும் இல்லை. இரண்டு குணங்களாகப் பிரித்துச் சொல்லும் பலனுக்கு, உடலில் இரண்டு பிரிவுகளே கிடையாது. வயதும் சேர்ந்துகொள்ளும். குழந்தைகளின் மூட்டுகள் நெகிழ்வாக இருக்கும், வயது ஏற ஏறக் குறையும். பொதுவாகப் பெண்களின் மூட்டுகள் ஆண்களுடையதைவிட நெகிழ்வானவை. பத்து வயதில் தாராளமானவராகத் தெரிந்தவர் அறுபதில் சிக்கனக்காரராகத் தெரிவார், மனது கொஞ்சமும் மாறாமலேயே.

ஒரு வளைவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மணிக்கட்டை மடக்கி, மறுகையால் மெல்ல அழுத்தினால் சிலருக்குக் கட்டைவிரல் முன்கையையே தொட்டுவிடும். இது மேல்மூட்டின் வளைவு அல்ல, மணிக்கட்டும் அடிமூட்டும் சேர்ந்த நெகிழ்வு. மூட்டுகளின் மிகைநெகிழ்வை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் பெய்ட்டன் அளவுகோலில் மொத்தம் 9 மதிப்பெண். இப்படித் தொடும் கட்டைவிரலுக்கு ஒரு மதிப்பெண், இரண்டு கைக்கும் இரண்டு. இதோடு முழங்கை, முழங்கால் எல்லாம் அளவுக்கு மீறி வளைந்து, மூட்டுகள் அடிக்கடி வலித்து, நழுவியும் போனால் அவருக்குத் தேவை பலன் அல்ல, மருத்துவர். கை பார்க்கிறவருக்கு இது தெரிந்திருந்தால் நல்லது. அவர் பிடித்துப் பார்க்கும் அளவுக்கு ஒருவருடைய விரல்களை வேறு யாரும் அத்தனை கவனமாகப் பிடித்துப் பார்ப்பதில்லை.

அடுத்தது கோணம். கையைத் திறக்கும்போது கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே விழும் இடைவெளியைத்தான் சொல்கிறேன். சுமார் 45 டிகிரியை நூல்கள் நடுநிலையாக வைக்கின்றன. விரல் கையோடு ஒட்டிக்கிடந்தால் அச்சம், எச்சரிக்கை, மூடிய மனம், இறுகிய கை. விலகி நின்றால் சுதந்திர உணர்வு, தாராளம், தலைமை தாங்கும் துணிவு. செங்கோணத்தை நெருங்கினால் அந்தச் சுதந்திர உணர்வே அளவு மீறி, எதிலும் உச்சத்துக்குப் போய்விடும் என்று கீரோ எச்சரிக்கிறார்.

இதை அளக்க ஒரு வெள்ளைத்தாள் போதும். கையைத் தாளின் மேல் வைக்கச் சொல்லுங்கள். 'விரியுங்கள்' என்று சொல்லாதீர்கள். சொன்னால் எல்லாரும் இருக்கும் பலத்தையெல்லாம் கூட்டி விரிப்பார்கள், அப்போது பெரும்பாலோருக்கு ஐம்பதுக்கு மேல் போய்விடும். 'சும்மா வைங்க' என்று மட்டும் சொல்லிவிட்டு, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து ஓரமாக வரைந்துகொள்ளுங்கள். சுட்டுவிரலின் நடுவாக ஒரு கோடு, கட்டைவிரலின் நடுவாக ஒரு கோடு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கோணமானியை வைத்தால் அளவு வந்துவிடும். கையை எடுத்து உதறிவிட்டு மறுபடி வைக்கச் சொல்லுங்கள், மூன்று முறை. ஒரே கை மூன்று முறைக்கும் ஐந்து பத்து டிகிரி வித்தியாசம் காட்டுவதை நீங்களே பார்ப்பீர்கள். புதியவர் முன்னால் பதற்றத்தோடு உட்கார்ந்தவர் விரலை ஒடுக்கித்தான் வைப்பார். அதே ஆள் கால்மணி நேரம் பேசிச் சிரித்த பிறகு வைத்தால் விரல் தள்ளிப் போயிருக்கும். நூல்கள் பிறவிக்குணம் என்று சொல்வதில் ஒரு பங்கு, அந்த நிமிடத்து மனநிலை. அதைப் படிப்பதும் ஒரு படிப்புத்தான், ஆனால் அதை ஆயுளுக்கும் நீட்டிவிடக் கூடாது.

விரலின் நீளத்தைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. கட்டைவிரலைச் சுட்டுவிரலோடு ஒட்டிவைத்து, நுனி அதன் அடிக்கணுவின் நடுவரை எட்டினால் சரியான நீளம் என்பது வழக்கமான அளவு. அடிமூட்டுக்கு அருகில் தாழ்வாகப் பிரியும் விரல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் இந்த அளவில் குட்டையாகத்தான் தெரியும். அதனால் எட்டும் உயரத்தை விட்டுவிட்டு, கணுக்களையே அளப்பது மேல்.

வடிவங்களில் பல உண்டு. நடுவில் இடைபோல் ஒடுங்கிய இரண்டாம் கணுவைச் சாமர்த்தியமாகப் பேசுகிறவரின் அடையாளம் என்பார்கள். தட்டையான மேல்கணு, கூரான மேல்கணு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பலன் இருக்கிறது. அவற்றையெல்லாம் கடந்து ஒரே ஒரு வடிவத்தில் மட்டும் நான் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் அது மனிதர்களைக் காயப்படுத்தியிருக்கிறது. மேல்கணு குட்டையாக, அகலமாக, உருண்டையாக இருந்து, நகமும் நீளத்தைவிட அகலம் கூடியதாக இருக்கும் விரல். பழைய நூல்கள் இதை முரட்டுக் கோபத்தின் அடையாளம் என்றன. ஆங்கிலத்தில் இதற்குக் கொலைகாரனின் கட்டைவிரல் என்றே பெயர் வந்துவிட்டது. மனவுறுதியின் கணு சதைப்பிண்டமாகத் தடித்திருப்பதால், அறிவுக்கு அடங்காத வெறி என்பது அவர்களுடைய விளக்கம்.

அந்த வடிவம் எப்படி வருகிறது என்பது தெரிந்த விஷயம். வளரும் வயதில் ஒவ்வொரு விரல் எலும்பின் ஓரத்திலும் ஒரு வளர்ச்சித் தட்டு இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். சிலருக்குக் கட்டைவிரலின் நுனி எலும்பில் மட்டும் இந்தத் தட்டு வழக்கமான வயதுக்கு முன்னதாகவே மூடிக்கொள்கிறது. நீளம் நின்றுவிடுகிறது, அகலம் நிற்பதில்லை. அவ்வளவுதான். இது பரம்பரையாக வருவது, ஒரு கையில் மட்டும்கூட வரும், பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. கோபத்துக்கும் அந்தத் தட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இந்த விரல் உள்ள ஒருவர் படம் எடுக்கும்போதெல்லாம் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி மறைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி மறைத்த விரலைப் பார்த்து 'மனவுறுதி இல்லாதவர்' என்று இன்னொரு பலனும் சொல்வார்கள். விரலை உள்ளே மடக்குவது பலவீனத்தின் அடையாளம் என்பது இன்னொரு பழைய விதி.

இனி என் தவறு. ஐம்பது வயதைத் தாண்டிய, நான் அக்கா என்று கூப்பிடும் ஒருவர். தையல் வேலை செய்கிறவர். கை பார்க்கச் சொல்லி அவரே கேட்டார். தாளில் வரைந்தேன். இடது கைக் கோணம் சுமார் 50, வலது கை 30. வலது கட்டைவிரல் பார்த்த மாத்திரத்திலேயே பின்னுக்கு வளைந்து தெரிந்தது, இடது நேராக. இடது கை பிறப்பில் கொண்டுவந்தது, வலது கை வாழ்ந்து சேர்த்தது என்பது பொதுவான விதி. அதன்படி எல்லாம் அழகாகப் பொருந்தியது.

"அக்கா, நீங்க பிறவியில திறந்த மனசு. வாழ்க்கைதான் உங்களை மூட வச்சிருக்கு. ஆனாலும் கேட்டவங்களுக்கு இல்லைன்னு சொல்ல முடியாம பணத்தை விட்டுடறீங்க."

அவர் கண் கலங்கிவிட்டது. "உண்மைதான் தம்பி, ஒவ்வொரு வார்த்தையும் உண்மை" என்றார். அன்று நான் மிகவும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் அவர் என்னிடம் நீட்டினார். கட்டைவிரலின் அடியைத் தடவிக்கொண்டே, சாவியைத் திருப்பினாலும் வலிக்கிறது, கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை என்றார். மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, அடிமூட்டு தேய்ந்திருக்கிறது என்று சொன்னார். அந்த மூட்டில் தேய்மானம் வந்தால் நடப்பது இதுதான். உள்ளங்கை எலும்பு மெல்ல உட்பக்கமாகச் சாய்ந்துவிடும், விரலை விலக்கித் திறக்க முடியாது. பொருளைப் பிடிக்க இடம் வேண்டுமே, அதற்காக நடுமூட்டு பின்னுக்கு வளைந்து ஈடுகொடுக்கும். அப்போது மேல்மூட்டு முன்பக்கமாக மடங்கி நிற்கும். பக்கவாட்டில் பார்த்தால் விரல் ஒரு கோணல்மாணல் கோடுபோல் இருக்கும். மணிக்கட்டு ஓரத்தில் அடிமூட்டு ஒரு முட்டுபோலப் புடைத்திருக்கும்.

வீட்டுக்குப் போய் பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். அடுத்த நாள் அவர் கையையும், இந்த முறை இரண்டாம் கணுவைப் பிடித்துக்கொண்டு, வலிக்காமல் பார்த்தேன். வலது கையில் வளைந்திருந்தது நடுமூட்டு. மேல்மூட்டு பின்னுக்கு வளையவே இல்லை. நோயில்லாத இடது கையிலும் மேல்மூட்டு இருபது டிகிரியைத் தாண்டவில்லை. அதாவது நூலின் விதிப்படியே பார்த்தாலும் அவர் விறைத்த கட்டைவிரல்காரர். செலவாளி அல்ல, சிக்கனக்காரர். வாழ்க்கை மூடிவைத்த மனம் என்று நான் படித்தது தேய்ந்த ஒரு மூட்டை. விரல் மூன்று இடத்தில் அசையும் என்பது தெரிந்திருந்தும், எந்த இடம் என்று பார்க்காமல் ஒரு மனுஷியின் வாழ்க்கையைச் சொல்லிவிட்டேன். அதைவிட, அந்தப் புடைப்பு என் கண்ணெதிரே இருந்தது. அன்றைக்கே அவரை மருத்துவரிடம் போகச் சொல்லியிருக்கலாம்.

அப்படியானால் அவர் ஏன் அழுதார்? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. விடை அமெரிக்க உளவியலாளர் ரே ஹைமனின் அனுபவத்தில் கிடைத்தது. அவர் இளவயதில் கை பார்த்துச் சம்பாதித்தவர், கைரேகை உண்மையென்று முழுதாக நம்பியவர். ஒரு நண்பர் சொன்னதைக் கேட்டு, சோதனைக்காக ரேகைகள் சொல்வதற்கு நேர் எதிரான பலனைச் சொல்லிப் பார்த்தார். கேட்டவர்கள் முன்பைப் போலவே, அப்படியே பொருந்துகிறது என்றார்கள். அதன் பிறகுதான் அவர் இதை ஆராயும் பக்கம் திரும்பினார். 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற இன்னோர் உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு, தனித்தனியாக எழுதியதாகச் சொல்லி ஒரே குணவிவரத்தைக் கொடுத்தார். தங்களுக்குப் பொருந்துகிறதா என்று கேட்டதற்கு அவர்கள் ஐந்துக்குச் சராசரியாக 4.26 கொடுத்தார்கள். 'திறந்த மனசு, ஆனால் காயப்பட்டு மூடிக்கொண்டவர்' என்ற வாக்கியத்தில் தன்னைப் பார்க்காதவர் யார்? நான் எதிர்ப்பலனைச் சொல்லி, 'நீங்க எண்ணித்தான் செலவு செய்வீங்க, ஆனா வேண்டியவங்களுக்குன்னா கை தானா நீளும்' என்றிருந்தாலும் அக்கா அழுதிருப்பார். அவர் அழுதது விரலுக்காக அல்ல. ஒருவர் தன் கையைப் பிடித்துக்கொண்டு தன்னைப் பற்றி அரைமணி நேரம் பேசியதற்காக.

கை பார்ப்பதை நான் விடவில்லை. கேட்கிறவர்களுக்குக் கட்டைவிரலின் பழைய பலன்களை, நூல்கள் இப்படிச் சொல்கின்றன என்று சொல்லியே சொல்கிறேன். ஆனால் வரிசை மாறிவிட்டது. முதலில் இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சுக்கிர மேடு ஒன்றில் மட்டும் வற்றியிருக்கிறதா என்று பார்க்கிறேன். அங்கே ஒரு பக்கம் மட்டும் குழிவிழுந்து, கட்டைவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் இரவில் மரத்துப்போனால், அது அன்பு குறைந்ததல்ல, மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதாக இருக்கலாம். அப்புறம் அடிமூட்டைத் தொட்டு, வலிக்கிறதா என்று கேட்கிறேன். அப்புறம் நடுமூட்டைப் பிடித்துக்கொண்டு மேல்மூட்டை வளைக்கச் சொல்கிறேன். அக்கா இப்போது அடிமூட்டுக்கு ஒரு பட்டை போட்டுக்கொண்டு தைக்கிறார், கத்தரிக்கோலின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கியிருக்கிறார். போன மாதம் மறுபடி கையை நீட்டி, "இப்ப என்ன சொல்லுது தம்பி?" என்று கேட்டார். வலி குறைந்திருக்கிறதா என்று முதலில் கேட்டேன்.